கொதிக்கிற தண்ணீர் 71 டிகிரி காட்டினால்: தெர்மோகப்பிளின் குளிர்முனைக் கணக்கு

இரண்டு வேறு உலோகக் கம்பிகளை ஒரு முனையில் இணைத்து வெப்பநிலை அளக்கும் தெர்மோகப்பிளைப் புதிதாகக் கையில் எடுப்பவர்களுக்கு நான் முதலில் ஒரு ஏமாற்றத்தைக் கொடுப்பது வழக்கம். அடுப்பில் தண்ணீரைக் கொதிக்க வைத்து, தெர்மோகப்பிளின் முனையை அதில் விடச் சொல்வேன். மறுமுனையின் இரண்டு கம்பிகளையும் சாதாரண மல்டிமீட்டரில் கோத்து, மில்லிவோல்ட் அளவில் வைத்துப் பார்க்கச் சொல்வேன். மீட்டர் 2.9 காட்டும். பிறகு எத்தனை மில்லிவோல்ட்டுக்கு எத்தனை டிகிரி என்று சொல்லும் தெர்மோகப்பிள் அட்டவணையில் 2.9 மில்லிவோல்ட்டுக்கு நேராக என்ன இருக்கிறது என்று தேடச் சொல்வேன். 71 டிகிரி என்று இருக்கும். கண் முன்னே தண்ணீர் தளதளவென்று கொதித்துக்கொண்டிருக்கும்.

கம்பி கெட்டதா, மீட்டர் கெட்டதா என்று உடனே சந்தேகம் வரும். இரண்டுமே கெடவில்லை. விட்டுப்போன 29 டிகிரி, ஏறத்தாழ அந்த அறையின் வெப்பநிலை. அது எப்படி விட்டுப்போனது, எப்படி மீட்டுச் சேர்ப்பது, சேர்ப்பதாகச் சொல்லும் கருவியே எப்போது ஏமாறும் என்பதைத்தான் இங்கே செய்து பார்த்துச் சொல்லப்போகிறேன். பாளையங்கோட்டைப் பக்கம் ஒரு மின்சூளையில் ஒரு முழுச் சுற்றுப் பாண்டங்கள் வீணான கதையும் இதில் வரும்.

முதலில் கம்பியை அடையாளம் காணுங்கள்

திருநெல்வேலி ஜங்ஷன் பக்கத்து மின்சாதனக் கடைகளில் "கே டைப்" என்று கேட்டால் கொடுப்பார்கள். ஒரு கம்பி குரோமல், மற்றொன்று அலுமல். இரண்டுமே நிக்கல் கலவைகள். பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். உறையின் நிறத்தை நம்பினால் ஒரு பொறி காத்திருக்கிறது. அமெரிக்க வழக்கப்படி வரும் கம்பியில் மஞ்சள்தான் பாசிட்டிவ், சிவப்பு நெகட்டிவ். சிவப்பென்றால் பாசிட்டிவ் என்று பழகிய கை இங்கே தவறும். ஐரோப்பிய வழக்கில் வருவது பச்சை, வெள்ளை. அதில் பச்சை பாசிட்டிவ்.

நிறம் மங்கிப்போயிருந்தால் ஒரு காந்தத்தை எடுத்துக்கொள்ளுங்கள். காந்தத்தில் ஒட்டுவது அலுமல், அதாவது நெகட்டிவ் கம்பி. குரோமல் ஒட்டாது. பத்துப் பதினைந்து வருடம் பழைய சூளையில், கரி படிந்த கம்பிகளுக்கு நடுவே, இந்தச் சின்னச் சோதனை பல முறை எனக்கு வேலையை முடித்துக் கொடுத்திருக்கிறது.

கொதிதண்ணீர்ச் சோதனைக்கு இரண்டு எச்சரிக்கைகள். முனை பாத்திரத்தின் அடியைத் தொடக்கூடாது. கண்ணாடியிழை உறை போட்ட கம்பியாக இருந்தால் உறை நனைந்துவிடக்கூடாது. நனைந்தால் இரண்டு கம்பிகளுக்கும் நடுவே தண்ணீரே ஒரு வழி போட்டு அளவைக் கெடுக்கும். மெல்லிய சோதனைக்குழாய்க்குள் முனையை வைத்து, குழாயைத் தண்ணீரில் இறக்கினால் போதும். நெல்லை, கடல் மட்டத்துக்குச் சற்றே மேலே இருக்கும் ஊர் என்பதால் இங்கே தண்ணீர் 100 டிகிரியில்தான் கொதிக்கும் என்று எடுத்துக்கொள்ளலாம். இதே சோதனையை மாஞ்சோலை எஸ்டேட்டில் செய்தால் மூன்று நான்கு டிகிரி குறையும். அதைத் தெர்மோகப்பிளின் தலையில் போடாதீர்கள்.

இன்னொன்று: விலை குறைந்த மல்டிமீட்டர் 200 மில்லிவோல்ட் அளவில் 0.1 வரைதான் காட்டும். கே வகையில் ஒரு டிகிரிக்குச் சுமார் 0.041 மில்லிவோல்ட். ஆகவே மீட்டரின் கடைசி இலக்கம் ஒன்று அசைந்தால் இரண்டரை டிகிரி அசைந்ததாகப் பொருள். கற்றுக்கொள்வதற்கு இது போதும், வேலைக்குப் போதாது.

மின்னழுத்தம் முனையில் பிறப்பதில்லை

இரண்டு உலோகங்கள் சேரும் அந்தச் சிறு மணியில்தான் மின்சாரம் உண்டாகிறது என்று பலர் நினைக்கிறார்கள். பள்ளிக்கூடப் படம் அப்படி ஒரு எண்ணத்தைக் கொடுத்துவிடுகிறது. உண்மையில் மணி இரண்டு கம்பிகளையும் இணைக்கிறது, அவ்வளவுதான். ஒரு கம்பியின் ஒரு கோடி சூடாகவும் மறுகோடி குளிராகவும் இருந்தால், வெப்பநிலை ஏறி இறங்கும் அந்த நீளம் நெடுக மின்னழுத்தம் உண்டாகிறது. எவ்வளவு என்பது உலோகத்தைப் பொறுத்தது. இரண்டும் ஒரே உலோகமாக இருந்தால் ஒன்றின் அழுத்தத்தை மற்றது சரியாக அடித்துவிடும். மீட்டரில் ஒன்றும் வராது. குரோமலும் அலுமலும் வேறு வேறு அளவில் கொடுப்பதால் ஒரு மிச்சம் நிற்கிறது. அந்த மிச்சத்தைத்தான் நாம் அளக்கிறோம். 1821-இல் சீபெக் இதை முதலில் பார்த்தபோது பக்கத்தில் இருந்த திசைகாட்டி முள் அசைந்தது. காந்த விளைவு என்றே அவர் எண்ணினார். அப்படிப்பட்டவருக்கே குழப்பம் வந்த இடம் இது.

இதிலிருந்து ஒரே ஒரு விஷயத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள். மீட்டருக்கு வந்து சேர்வது சூடான முனைக்கும், கம்பிகள் முடியும் இடத்துக்கும் உள்ள வேறுபாடு மட்டுமே. பாபநாசத்தில் நின்றுகொண்டு ஒருவர், "பொதிகை உச்சி இங்கிருந்து இத்தனை மீட்டர் உயரம்" என்று அளந்து சொன்னால், பாபநாசம் கடல் மட்டத்திலிருந்து எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்று தெரியாமல் உச்சியின் 1868 மீட்டரை நாம் எட்ட முடியாது. கம்பிகள் முடியும் இடம்தான் நமக்குப் பாபநாசம். அதற்குத் தொழிலில் குளிர்முனை என்று பெயர். பெயரைக் கேட்டு அது குளிராக இருக்கும் என்று எண்ணிவிடாதீர்கள். சூளைக்குப் பக்கத்தில் 78 டிகிரியில் கொதித்துக்கொண்டிருக்கும் குளிர்முனையை இந்தக் கட்டுரையிலேயே பார்க்கப்போகிறோம். ஒப்பீட்டு முனை என்று சொல்வது பொருத்தம். ஆனால் வழக்கில் நிலைத்தது குளிர்முனைதான்.

குரோமலும் அலுமலும் எங்கே முடிந்து, இரண்டுமே செம்பாக மாறுகின்றனவோ அதுவே குளிர்முனை. கொதிதண்ணீர்ச் சோதனையில் அது மல்டிமீட்டரின் கிளிப் கடிக்கும் இடம். அங்கிருந்து மீட்டருக்குள் போகும் செம்பு எத்தனை நீளமாக இருந்தாலும் கவலையில்லை. இரண்டு பக்கமும் ஒரே உலோகம் என்பதால் அடிபட்டுப்போகும். ஒரே நிபந்தனை, இரண்டு கிளிப்புகளும் ஒரே வெப்பநிலையில் இருக்க வேண்டும்.

குளிர்முனையை உண்மையிலேயே குளிர வைத்துப் பாருங்கள்

அட்டவணைகள் எல்லாம் குளிர்முனை 0 டிகிரியில் இருப்பதாக வைத்து எழுதப்பட்டவை. ஆகவே அதை 0 டிகிரியில் வைத்துவிட்டால் கணக்கே வேண்டாம். ஒரு தெர்மாஸ் பிளாஸ்க், நொறுக்கிய ஐஸ், கொஞ்சம் தண்ணீர் இருந்தால் வீட்டிலேயே செய்யலாம்.

ஐஸை நன்றாக நொறுக்கி, கழுத்து வரை நிரப்புங்கள். இடுக்குகள் நிறையும் அளவுக்கு மட்டும் குளிர்ந்த சுத்தத் தண்ணீர் ஊற்றுங்கள். அடியிலிருந்து மேல் வரை ஐஸ் நெருக்கமாக இருக்க வேண்டும். ஐஸ் மேலே மிதக்க, கீழே வெறும் தண்ணீராக நின்றால், அடித்தண்ணீர் 4 டிகிரிக்கு ஏறி உட்கார்ந்துகொள்ளும். தண்ணீர் அந்த வெப்பநிலையில்தான் அதிகக் கனம் என்பதால் அது கீழேயே தங்கும். பார்வைக்கு ஐஸ் தண்ணீர், உள்ளே 4 டிகிரி பிழை. உருகிய தண்ணீரை அவ்வப்போது வடித்துவிட்டுப் புது ஐஸ் சேர்ப்பது இதனால்தான். சந்தையில் மீன் பெட்டியிலிருந்து ஐஸ் வாங்கி வராதீர்கள். உப்புக் கலந்த ஐஸ் 0 டிகிரிக்குக் கீழே போகும்; மீனும் மணக்கும்.

இனி தெர்மோகப்பிளின் இரண்டு கம்பி நுனிகளையும் ஒவ்வொரு செம்புக் கம்பியுடன் முறுக்கி இணையுங்கள். இரண்டு இணைப்புகளையும் ஒன்றையொன்று தொடாமல், தனித்தனிச் சோதனைக்குழாய்களில் இட்டு, பிளாஸ்கின் நடுவரை இறக்குங்கள். செம்புக் கம்பிகளின் மறுநுனிகள் மல்டிமீட்டருக்கு. பத்து நிமிடம் பொறுத்து, சூடான முனையைக் கொதிதண்ணீரில் விடுங்கள். இப்போது மீட்டர் 4.1 காட்டும். அட்டவணையில் 100 டிகிரிக்கு நேராக இருப்பது 4.096. முதலில் கண்ட 2.9-க்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் 1.2 மில்லிவோல்ட். அட்டவணையில் 30 டிகிரிக்கு நேராக 1.203 என்று இருக்கிறது. அறையின் வெப்பநிலை அதுதான்.

இந்தச் சோதனையை ஒருமுறை கையால் செய்தவர்கள் பிறகு இந்தப் பாடத்தை மறந்து நான் பார்த்ததில்லை. சொல்லிக் கொடுத்து மட்டும் விட்டவர்கள் ஆறு மாதத்தில் மீண்டும் கேட்பார்கள்.

ஐஸ் இல்லாமல் கணக்கில் சரிசெய்வது

பட்டறையில் நாள் முழுவதும் ஐஸ் நொறுக்கிக்கொண்டிருக்க முடியாது. குளிர்முனையை 0-வில் வைக்க வேண்டிய கட்டாயமும் இல்லை. அது எத்தனை டிகிரியில் இருக்கிறது என்று தெரிந்தால் போதும். சூத்திரம் இதுதான்:

```
E(T, 0) = E(T, Tr) + E(Tr, 0)
```

`T` சூடான முனை, `Tr` குளிர்முனை. நடுவில் இருப்பது மீட்டர் காட்டும் மில்லிவோல்ட். கடைசியில் இருப்பது குளிர்முனையின் வெப்பநிலைக்கு அட்டவணை தரும் மில்லிவோல்ட். இரண்டையும் கூட்டி, வந்த தொகைக்கு அட்டவணையில் வெப்பநிலையைத் தேட வேண்டும்.

கத்திரி வெயில் நாளில் ஒரு பட்டறை. கிளிப் கடிக்கும் இடத்தில் கட்டிவைத்த பாதரச வெப்பமானி 42 காட்டுகிறது. மீட்டரில் 33.62 மில்லிவோல்ட். 42 டிகிரிக்கு அட்டவணை 1.694. கூட்டினால் 35.314. இதற்கு நேரான வெப்பநிலை 850 டிகிரி. கூட்டாமல் 33.62-ஐ நேராகத் தேடியிருந்தால் 808 என்று வந்திருக்கும்.

இங்கே புதியவர்கள் ஒரு குறுக்குவழியைக் கண்டுபிடிப்பார்கள். 808-உடன் 42-ஐக் கூட்டினால் 850 வருகிறதே, மில்லிவோல்ட்டைக் கூட்டுவானேன், டிகிரியையே கூட்டிவிடலாமே என்பார்கள். கே வகையில் இந்த இடத்தில் அது தப்பிப் பிழைக்கிறது, ஏனென்றால் அறை வெப்பத்திலும் 850-க்குப் பக்கத்திலும் ஒரு டிகிரிக்குக் கிடைக்கும் மில்லிவோல்ட் ஏறத்தாழ ஒன்றே. பிளாட்டினம் கம்பியான எஸ் வகைக்கு மாறினால் மாட்டிக்கொள்வீர்கள். சூளை 1000 டிகிரியில், குளிர்முனை 40-இல் இருந்தால் மீட்டருக்கு வருவது 9.352 மில்லிவோல்ட். நேராகத் தேடினால் 980. அதனுடன் 40-ஐக் கூட்டினால் 1020. இருபது டிகிரி அதிகம். முறைப்படி 40 டிகிரிக்கான 0.235-ஐக் கூட்டினால் 9.587, அதாவது சரியாக 1000. எந்த வகையாக இருந்தாலும் மில்லிவோல்ட்டில் கூட்டிவிட்டுப் பிறகு டிகிரிக்குப் போவதை வழக்கமாக்கிக்கொள்ளுங்கள்.

நம் ஊரில் இதைப் புறக்கணிக்க முடியாததற்கு ஒரு காரணம் உண்டு. மே மாதத்தில் விடியற்காலையில் 26 டிகிரியில் இருக்கும் தகரக் கொட்டகை, பிற்பகலில் 40-ஐத் தொடும். ஈடுசெய்யாத மீட்டரில், சூளை ஆடாமல் அசையாமல் நின்றாலும் அளவு 14 டிகிரி இறங்கிவிட்டதாகத் தெரியும். குற்றாலத்தில் சாரல் தொடங்கி, காற்று குளிர்ந்ததும் அதே சூளை "தானாகச் சூடேறிவிட்டது" என்பார்கள்.

கன்ட்ரோலர் இதை எப்படிச் செய்கிறது

சூளைக்கென்று விற்கும் டெம்பரேச்சர் கன்ட்ரோலர் இந்தக் கணக்கை உள்ளேயே செய்துகொள்கிறது. கம்பியை முறுக்கும் திருகுகளுக்கு அருகே ஒரு தெர்மிஸ்டரோ வேறு சிறு உணரியோ வைத்திருப்பார்கள். அது திருகுகளின் வெப்பநிலையைச் சொல்லும். கருவி அதற்கான மில்லிவோல்ட்டைக் கூட்டிக்கொள்ளும். இந்த இடத்தில் இன்னொரு தெர்மோகப்பிளை வைக்க முடியாது. அதற்கும் ஒரு குளிர்முனை வேண்டுமே. தன்னளவில் வெப்பநிலை சொல்லக்கூடிய வேறு வகை உணரிதான் தேவை.

அந்த உணரி சரியாக இருக்கிறதா என்று ஐந்து நிமிடத்தில் பார்க்கலாம். முதலில் சூளைச் சுருள்களுக்குப் போகும் மின்சாரத்தை நிறுத்திவிடுங்கள். இதை விட்டுவிட்டால், கன்ட்ரோலர் "இன்னும் அறை வெப்பம்தான்" என்று எண்ணிச் சுருள்களை நிறுத்தாமல் எரியவிடும். பிறகு தெர்மோகப்பிளைக் கழற்றிவிட்டு, உள்ளீட்டுத் திருகுகள் இரண்டையும் ஒரு துண்டுச் செம்புக் கம்பியால் இணையுங்கள். உள்ளே போகும் மில்லிவோல்ட் இப்போது பூஜ்யம். ஆகவே திரையில் தெரிவது கருவி தன் குளிர்முனைக்கு வைத்திருக்கும் வெப்பநிலை மட்டும். திருகுகளை ஒட்டி ஒரு நல்ல வெப்பமானியை வைத்து ஒப்பிடுங்கள். ஒன்று இரண்டு டிகிரிக்குள் ஒத்துப்போனால் சரி. கருவிக்கு மின்சாரம் கொடுத்து அரை மணி நேரம் கழித்தே பாருங்கள். அதன் சொந்தச் சூடு அதற்குள் நிலைத்திருக்கும்.

அதற்குமேல் நுணுக்கம் பார்க்கத் தேவையில்லை. சாதாரணத் தரக் கே கம்பிக்கே 1000 டிகிரியில் 7.5 டிகிரி முன்பின் இருக்கலாம் என்பது தரநிலை ஒப்புக்கொண்ட அளவு.

பாளையங்கோட்டை மின்சூளையில் நடந்தது

எனக்குத் தெரிந்த இளைஞர் ஒருவர் பாளையங்கோட்டைக்கு வெளியே சிறு மின்சூளை வைத்திருக்கிறார். காருகுறிச்சியில் மண்பானைத் தொழில் செய்யும் குடும்பம். இவர் மட்டும் மெருகூட்டிய கோப்பைகள், தட்டுகள் என்று போனார். 1000 டிகிரி மெருகு. ஒருநாள் காலையில் அழைத்தார்.

"அண்ணாச்சி, மெருகு எல்லாம் வழிந்து தட்டுப்பலகையில் ஒட்டிக்கொண்டது. உளி வைத்துத்தான் எடுக்க வேண்டும். மீட்டர் ஆயிரத்தைத் தாண்டவே இல்லை."

"போன மாதம் வரை நன்றாகத்தானே வந்தது? என்ன மாற்றினாய்?"

"ஒன்றும் மாற்றவில்லை, அண்ணாச்சி. கன்ட்ரோலர் பெட்டி சூளைக்குப் பக்கத்திலேயே இருந்து சூடாகிறது என்று எதிர்ச் சுவருக்கு நகர்த்தினேன். ஒயர் எட்டவில்லை, அதனால் நீட்டினேன்."

பெட்டியை நகர்த்தியது நல்ல காரியம். நீட்டியதில்தான் வினை. போய்ப் பார்த்தபோது, தெர்மோகப்பிளின் தலைப்பெட்டி, அதாவது சூளைச் சுவரிலிருந்து வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் ஹெட், அதிலிருந்து நான்கு மீட்டர் தூரத்துக்கு வீட்டு வயரிங் செம்பு ஒயரை இழுத்திருந்தார். கடையில் கேட்டதற்கு, "மில்லிவோல்ட்தானே, எந்த ஒயரும் போதும்" என்று சொன்னார்களாம்.

இப்போது குளிர்முனை எங்கே? குரோமலும் அலுமலும் செம்பாக மாறுவது ஹெட்டுக்குள். கன்ட்ரோலரின் உணரியோ நான்கு மீட்டர் தள்ளி, எதிர்ச் சுவரில், தன் திருகுகளைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. அடுத்த சூளையிடலில் நான் அளந்தபோது ஹெட்டின் உள்ளே 78 டிகிரி. கன்ட்ரோலர் திருகுகளில் 38.

கணக்கைப் போட்டுப் பாருங்கள். திரையில் 1000 தெரிகிறது என்றால் கருவியின் கணக்கில் மொத்தம் 41.276 மில்லிவோல்ட். அதில் 38 டிகிரிக்கென்று அது தானாகச் சேர்த்தது 1.530. எனவே கம்பி வழியாக உண்மையில் வந்தது 39.746. நியாயமாகச் சேர்த்திருக்க வேண்டியது 78 டிகிரிக்கான 3.184. கூட்டினால் 42.930. அட்டவணையில் அது 1043 டிகிரி. திரை ஆயிரம் என்று சொல்ல, சூளைக்குள் 43 டிகிரி அதிகம். ஹெட்டுக்கும் கருவிக்கும் 40 டிகிரி வித்தியாசம், பிழை 43; கே கம்பி மேல் வெப்பத்தில் டிகிரிக்குச் சற்றுக் குறைவான மில்லிவோல்ட் கொடுப்பதால் வந்த மூன்று அது.

அவர் உடனே கேட்டது, "கன்ட்ரோலரில் திருத்தம் போட ஒரு வசதி இருக்கிறதே, 43 என்று போட்டுவிடலாமா?" என்பது. போடலாம், அடுத்த முறை வேறு இடத்தில் அடி விழும். சூளையைப் பற்றவைக்கும்போது ஹெட்டும் கருவியும் ஒரே 34 டிகிரியில் இருக்கும். அப்போது பிழையே இல்லை. சூளைச் சுவர் சூடேற ஏற ஹெட் சூடாகும், பிழை வளரும். மெதுவாக ஏற்றினால் ஒரு பிழை, வேகமாக ஏற்றினால் வேறு பிழை, ஜன்னல் திறந்து காற்று அடித்தால் இன்னொன்று. இப்படி நகர்ந்துகொண்டே இருக்கும் ஒன்றை நிலையான எண் ஒன்றால் கட்ட முடியாது.

சரியான வழி ஒன்றுதான். ஹெட்டிலிருந்து கன்ட்ரோலர் வரை கே வகைக்குரிய நீட்டிப்புக் கம்பியையே போட வேண்டும். கடையில் காம்பன்சேட்டிங் கேபிள் என்று கேட்டால் கொடுப்பார்கள். கே வகைக்கா என்று கேட்டு வாங்குங்கள், ஜே வகைக்கானதைப் போட்டால் பழைய கதைதான். அந்தக் கம்பி குரோமல், அலுமலைப் போலவே மின்னழுத்தம் கொடுப்பதால், ஹெட்டின் சூடு வெறும் வழியில் உள்ள ஒரு மேடாகிவிடும். குளிர்முனை எதிர்ச் சுவருக்கு, உணரி இருக்கும் இடத்துக்கே நகர்ந்துவிடும்.

ஹேர் டிரையர் சோதனை

கேபிள் போட்ட பிறகும் நான் நம்புவதில்லை. சூளை ஆறியிருக்கும்போது, சுருள்களுக்கான மின்சாரத்தை நிறுத்திவிட்டு, ஹெட்டின் மூடியைத் திறந்து, ஹேர் டிரையரால் உள்ளே உள்ள திருகுகளை 60 டிகிரி வரை சூடாக்குவேன். முனையும் கன்ட்ரோலரும் அறையின் 34 டிகிரியிலேயே இருக்க வேண்டும். இப்போது திரையைப் பார்த்தால் வயரிங்கின் யோக்கியதை தெரிந்துவிடும்.

திரை 34-ஐ விட்டு அசையவில்லை என்றால் எல்லாம் சரி. ஹெட் எத்தனை சூடானாலும் அது கணக்கில் வரக்கூடாது, வரவில்லை.

திரை இறங்கி 7 டிகிரிக்குப் போனால், வழியில் செம்பு இருக்கிறது. முனை ஹெட்டைவிட 26 டிகிரி குளிர்ந்திருப்பதாகக் கம்பி சொல்கிறது. கருவி அதைத் தன் 34-இலிருந்து கழித்துக்கொள்கிறது.

திரை மைனஸ் 20-க்குப் போனால், கேபிள் சரியான வகைதான், ஆனால் ஹெட்டில் தலைகீழாகக் கோத்திருக்கிறது. இதுதான் பிழைகளில் பெரிய கள்ளன். அது எப்படி நேர்கிறது என்று சொல்கிறேன். ஹெட்டில் மஞ்சளும் சிவப்பும் மாறிக் கோத்துவிடுகிறார்கள். சூளை சூடேறும்போது திரை கீழே இறங்குகிறது. "ஓ, மாறிவிட்டது" என்று கன்ட்ரோலர் பக்கம் கம்பிகளை மாற்றுகிறார்கள். திரை மேலே ஏறத் தொடங்குகிறது, எல்லோருக்கும் நிம்மதி. ஆனால் நடுவில் உள்ள கேபிள் மட்டும் இப்போது எதிர்த்திசையில் வேலை செய்கிறது. ஹெட்டின் சூட்டை ஈடுசெய்வதற்குப் பதிலாக இரண்டாம் முறையும் கழிக்கிறது. பிழை இரு மடங்கு. பாளையங்கோட்டைச் சூளையில் இப்படி இருந்திருந்தால் ஏறத்தாழ 86 டிகிரி தவறியிருக்கும். செம்பு ஒயரே மேல் என்று சொல்ல வேண்டிய நிலை.

திரை தலைகீழாக இறங்கினால் ஒரு பக்கத்தை மட்டும் மாற்றிவிட்டு விட்டுவிடாதீர்கள். இரண்டு பக்கமும் திறந்து, காந்தத்தை வைத்துப் பாருங்கள். கே வகையின் அதே உலோகத்தில் செய்த நீட்டிப்புக் கம்பியாக இருந்தால் அதிலும் நெகட்டிவ் காந்தத்தில் ஒட்டும். விலை குறைந்த கேபிள்களில் மாற்று உலோகம் இருக்கும், காந்தம் உதவாது. அங்கே ஹேர் டிரையர்தான் துணை.

பெட்டியை எங்கே வைப்பது

குளிர்முனை கன்ட்ரோலரின் திருகுகளுக்கு வந்துவிட்டதால், இனி பார்க்க வேண்டியது அந்தத் திருகுகளும் உணரியும் ஒரே வெப்பநிலையில் இருக்கின்றனவா என்பது. பெட்டியின் ஒரு பக்கம் பிற்பகல் வெயில் படுவது, மேசை விசிறி நேராகத் திருகுகள் மேல் அடிப்பது, பெட்டிக்குள் பெரிய ரிலேயோ டிரான்ஸ்பார்மரோ திருகுகளை ஒட்டி இருப்பது ஆகிய மூன்றும் அந்த ஒற்றுமையைக் குலைக்கும். விசிறியைத் திருப்பினால் அளவு இரண்டு மூன்று டிகிரி ஆடுகிறதா என்று பாருங்கள். ஆடினால் பெட்டிக்கு ஒரு மூடி போடுங்கள். பெட்டி சூடாக இருப்பதுகூடப் பரவாயில்லை. சீராக இருக்க வேண்டும், திடீரென்று மாறக்கூடாது.

ஒரு விதிவிலக்கு உண்டு. பி வகைத் தெர்மோகப்பிள் 50 டிகிரி வரை ஏறக்குறைய ஒன்றுமே கொடுக்காது. 50 டிகிரியில் வெறும் 0.002 மில்லிவோல்ட். அதைக் கொண்டு 1500 டிகிரி அளப்பவர்கள் குளிர்முனையைப் பற்றிக் கவலைப்படாமல் செம்பு ஒயரையே இழுத்துவிடுகிறார்கள். ஒருவேளை அந்தக் கடைக்காரர் அப்படி ஒரு பட்டறைக்கு ஒயர் விற்றுப் பழகியவராக இருக்கலாம்.

பாளையங்கோட்டையில் கேபிளை மாற்றிய பிறகு, மெருகு இல்லாத உடைசல் கோப்பைகளை மட்டும் அடுக்கி, நடுவில் 1000 டிகிரிக்குப் பக்கத்தில் வளையும் 06 எண் பைரோமெட்ரிக் கூம்பு ஒன்றை நிறுத்தி ஒரு சுற்று இட்டோம். திரை 1000 காட்டியபோது ஹெட் 79 டிகிரியில் இருந்தது. ஆறிய பிறகு திறந்தபோது கூம்பு தலை குனிந்து நின்றது, உருகி விழவில்லை. பழைய செம்பு ஒயரை அவர் சுருட்டி, மாட்டுக்கொட்டகை விளக்குக்கு எடுத்துப் போனார்.